பணி வாய்ப்பை ஏற்ற பின், சேரும் நாளுக்கு முன் எச்.ஆரிடம் எவற்றைக் கேட்டுத் தெளிவு பெற வேண்டும்?

கெடிலக்கரை

அனைவருக்கும் வணக்கம். நான் கடலூர் புதுப்பாளையத்தில் வசிக்கிறேன். புதுச்சேரியில் உள்ள ஒரு நிறுவனத்தில் மென்பொருள் சோதனைப் பிரிவில் பணியாற்றி வருகிறேன். பெங்களூருவைத் தலைமையிடமாகக் கொண்ட வேறொரு நிறுவனம் அளித்த பணி வாய்ப்பைக் கடந்த வாரம் ஏற்றுக் கையெழுத்திட்டு அனுப்பிவிட்டேன். இங்கே என் கடைசி வேலை நாள் ஜூன் 26. அங்கே சேர வேண்டிய நாள் ஜூலை 1. முதல் வாரம் மட்டும் பெங்களூரு அலுவலகத்துக்குச் செல்ல வேண்டும், அதன் பிறகு வீட்டிலிருந்தே வேலை.

கடிதத்தில் தகுதிகாண் பருவம் பற்றிய பத்தி இவ்வாறு உள்ளது: பருவம் 6 மாதங்கள், நிர்வாகம் தன் விருப்பப்படி அதை நீட்டிக்கலாம், எழுத்துமூலம் உறுதிசெய்யப்படும் வரை ஊழியர் தகுதிகாண் நிலையிலேயே இருப்பதாகக் கருதப்படுவார், தகுதிகாண் பருவத்தில் இரு தரப்புக்கும் 15 நாள் முன்னறிவிப்பு, பணி உறுதியான பிறகு 90 நாள். மடிக்கணினி அனுப்பப்படும் என்று ஒரு வரி இருக்கிறது. எப்போது, எங்கே என்று இல்லை. ஆவணங்கள் பற்றி ‘தேவையான சான்றுகள்’ என்பதோடு நிறுத்திவிட்டார்கள்.

எச்.ஆருக்கு ஒரே மின்னஞ்சலில் சில கேள்விகளை அனுப்ப எண்ணுகிறேன். சந்தேகப்படுகிறேன் என்ற தோற்றம் ஏற்படாமல், அதே சமயம் பின்னால் பயன்படக்கூடிய விடைகள் கிடைக்கும் வகையில் எதை, எப்படிக் கேட்கலாம்?

லாஸ்பேட்டை ராஜி

வாழ்த்துகள் தங்கையே. ஆனால் ஊதியத்தைப் பற்றிய பேச்சைக் கையெழுத்திடுவதற்கு முன்பே முடித்திருக்க வேண்டும். இப்போது கேட்டால் கொடுக்க மாட்டார்கள். தகுதிகாண் பருவத்தைப் பொறுத்தவரை கவலைப்பட ஏதுமில்லை என்பதே என் கருத்து. என் கணவர் தமிழ்நாடு அரசுப் பணியில் சேர்ந்தபோது இரண்டு ஆண்டுகள் தகுதிகாண் பருவத்தில் இருந்தார்; துறைத் தேர்வை எழுதித் தேர்ச்சி பெற்றார், ஆணை வந்தது, அவ்வளவுதான். ஆணை தாமதமாக வந்தபோதும் யாரும் அவரை வீட்டுக்கு அனுப்பவில்லை.

கெடிலக்கரை

நன்றி அக்கா. ஊதியம் பற்றி எனக்குக் கேள்வி ஏதும் இல்லை. அது பேசி முடிந்துவிட்டது. சேர்வதற்கு முன் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டிய நடைமுறைகளைப் பற்றித்தான் கேட்கிறேன். இது தனியார் நிறுவனம் என்பதால் அரசுப் பணி விதிகள் பொருந்தா என்று நினைக்கிறேன்.

நெல்லிக்குப்பத்தான்

சகோதரி, இதில் எச்.ஆரிடம் கேட்பதற்கு ஒன்றுமே இல்லை. ஆறு மாதம் முடிந்த மறுநாள் நிறுவனம் எதுவும் சொல்லவில்லையென்றால் நீங்கள் நிரந்தர ஊழியர்தான். இதை உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. அதற்கும் மேலாகத் தமிழ்நாட்டில் 1981ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. 24 மாதங்களுக்குள் 480 நாட்கள் வேலை செய்தால் நிரந்தரம் ஆக்கியே தீர வேண்டும். எங்கள் பகுதி ஆலைகளில் இந்தக் கணக்கைத் தெரியாத தொழிலாளியே கிடையாது. ‘எழுத்துமூலம் உறுதிசெய்யப்படும் வரை’ என்று கடிதத்தில் போட்டுக்கொள்வதெல்லாம் பயமுறுத்துவதற்காக.

முத்தியால்பேட்டையார்

நான் பல ஆண்டுகள் மனிதவளப் பிரிவில், இத்தகைய கடிதங்களை எழுதும் பக்கத்தில் அமர்ந்திருந்தவன். நெல்லிக்குப்பத்தான் ஐயா சொல்வதில் பாதி உண்மை உண்டு. ஆனால் சகோதரிக்குத் தேவைப்படுவது மற்றப் பாதி.

உச்ச நீதிமன்றம் சொன்னதாக அவர் குறிப்பிடுவது 1968இல் வந்த பஞ்சாப் அரசு எதிர் தரம் சிங் வழக்காக இருக்க வேண்டும். அங்கே பணி விதிகளே தகுதிகாண் பருவத்துக்கு ஓர் உச்ச வரம்பை வைத்திருந்தன. அந்த வரம்பையும் தாண்டி ஒருவரை வேலையில் வைத்திருந்ததால் அவர் உறுதிசெய்யப்பட்டவராகவே கருதப்பட வேண்டும் என்று தீர்ப்பாயிற்று. உச்ச வரம்பு இல்லாத இடத்தில், காலம் முடிந்தும் ஆணை வராவிட்டால், அவர் தகுதிகாண் பருவத்திலேயே தொடர்கிறார் என்பதுதான் பொதுவான நிலை. சகோதரியின் கடிதத்தில் உச்ச வரம்பு இல்லை. எழுத்துமூலம் உறுதிசெய்யும் வரை பருவம் தொடரும் என்ற வரி தெளிவாக இருக்கிறது. ஆகவே ஜனவரி 1 அன்று காலையில் எதுவும் தானாக மாறாது.

480 நாள் சட்டம் தமிழ்நாட்டில் உள்ள தொழில் நிறுவனங்களின் தொழிலாளர்களுக்கானது. ஆலைகளில் அதன் மதிப்பை நான் மறுக்கவில்லை. ஆனால் பெங்களூரு நிறுவனம் ஒன்றின் ஊதியப் பட்டியலில் இருந்துகொண்டு வீட்டிலிருந்து வேலை செய்யும் ஒருவர் அதை நம்பித் திட்டமிடக் கூடாது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். ‘என்னை எப்போது நிரந்தரமாக்குவீர்கள்’ என்று கேட்டால் எச்.ஆர். ‘உங்கள் செயல்பாட்டைப் பொறுத்தது’ என்று எழுதுவார். அந்த விடையால் பயனில்லை. கேள்வி நடைமுறையைப் பற்றியதாக இருக்க வேண்டும். மதிப்பீடு எந்த மாதத்தில் நடக்கும், அதை நடத்துபவர் யார், எவற்றை வைத்து மதிப்பிடுவார் என்பது ஒன்று. நீட்டிப்பதாக இருந்தால் பருவம் முடிவதற்கு முன்பே எழுத்துமூலம் தெரிவிப்பார்களா, அதிகபட்சம் எத்தனை மாதங்கள் நீட்டிப்பார்கள் என்பது இன்னொன்று. இவற்றையெல்லாம்விட முக்கியமானது, பலரும் கேட்காமல் விடுவது: டிசம்பர் 31க்குப் பிறகு உறுதிக் கடிதமும் வரவில்லை, நீட்டிப்புக் கடிதமும் வரவில்லை என்றால் அந்த இடைக்காலத்தில் எந்த முன்னறிவிப்புக் காலம் பொருந்தும்?

இது ஏன் முக்கியம் என்பதை உங்கள் தேதிகளை வைத்தே பார்ப்போம். ஜூலை 1இல் சேர்ந்தால் ஆறு மாதம் டிசம்பர் 31இல் முடிகிறது. மேலாளர் விடுமுறையில் இருக்கிறார், மதிப்பீட்டுப் படிவம் தேங்கிக் கிடக்கிறது, உறுதிக் கடிதம் பிப்ரவரி 20 அன்று வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இது கெட்ட எண்ணத்தால் நடப்பதல்ல. எந்த அலுவலகத்திலும் நடக்கும் சோம்பல். இந்த ஏழு வாரங்களில் நிறுவனம் ஆட்குறைப்புச் செய்ய நேர்ந்தால் உங்களுக்குக் கிடைப்பது 15 நாள் மட்டுமே. உங்களுக்கு வேறு வேலை கிடைத்தாலும் 15 நாளில் விலகலாம் என்பது அதன் மறுபக்கம். ஆனால் சில நிறுவனங்களின் கணினி அமைப்பில் ஆறு மாதம் முடிந்ததும் முன்னறிவிப்புக் காலம் தானாக 90 நாளாக மாறிவிடும், உறுதிக் கடிதம் மட்டும் வந்திருக்காது. அப்படியானால் சுமை முழுவதும் ஊழியர் பக்கம், பாதுகாப்பு எதுவும் இல்லை. இப்படி ஆகாமல் பார்த்துக்கொள்வதற்காகத்தான் அந்தக் கேள்வியை இப்போதே கேட்க வேண்டும்.

அதோடு, 90 நாளுக்குப் பதிலாகப் பணம் கட்டி விலக நேர்ந்தால் கணக்கு அடிப்படை ஊதியத்தின் மீதா, மொத்த ஊதியத்தின் மீதா என்பதையும் கேளுங்கள். மாத மொத்த ஊதியம் 54,000 ரூபாய், அதில் அடிப்படை 27,000 ரூபாய் என்றால், மூன்று மாதத்துக்கு ஒரு கணக்கில் 81,000 ரூபாயும் மற்றொரு கணக்கில் 1,62,000 ரூபாயும் வரும். கடிதத்தில் ‘ஊதியம்’ என்ற ஒரே சொல்தான் இருக்கும்; எந்த ஊதியம் என்பது வெளியேறும் நாளில்தான் தெரிய வரும்.

கெடிலக்கரை

மிக்க நன்றி ஐயா. இடைக்கால முன்னறிவிப்பைப் பற்றி நான் யோசிக்கவே இல்லை. ஆனால் ஒரு தயக்கம் இருக்கிறது. சேர்வதற்கு முன்பே வேலையை விட்டு விலகுவதைப் பற்றிக் கேட்டால், இவர் நிலைக்க மாட்டார் என்று நினைத்துப் பணி வாய்ப்பையே திரும்பப் பெற்றுவிட மாட்டார்களா? இங்கே என் பதவி விலகல் ஏற்கப்பட்டுவிட்டது.

முத்தியால்பேட்டையார்

கேட்கும் தோரணையில்தான் எல்லாம் இருக்கிறது. ஏற்றுக்கொண்ட கடிதத்தின் நிபந்தனையை மாற்றச் சொன்னால் அது பேரம். அந்தக் கதவு மூடியாயிற்று. கடிதத்தின் இன்ன பத்தியை நான் இவ்வாறு புரிந்துகொண்டிருக்கிறேன், சரிதானா என்று உறுதிப்படுத்தித் தாருங்கள் என்றால் அது விளக்கம். அதற்காக எவரும் வாய்ப்பைத் திரும்பப் பெறுவதை நான் பார்த்ததில்லை. ‘உறுதிக் கடிதம் வழங்கப்படும் வரை இரு தரப்புக்கும் 15 நாள் முன்னறிவிப்பே பொருந்தும் என்று புரிந்துகொள்கிறேன்’ என்று நீங்களே விடையை எழுதிவிடுங்கள். எச்.ஆர். ‘ஆம்’ என்று ஒரு சொல் எழுதினால் போதும். வேலைப்பளு மிகுந்த ஒருவரிடமிருந்து விடை வாங்குவதற்கும் அதுவே எளிய வழி.

பணம் கட்டி விலகும் கேள்வியை மின்னஞ்சலில் முதலில் வைக்காதீர்கள். கொள்கைக் கையேட்டின் விடுப்பு, முன்னறிவிப்பு, வெளியேறும் நடைமுறை ஆகிய பகுதிகளை முன்கூட்டியே அனுப்ப முடியுமா என்று பொதுவாகக் கேட்டால், அதற்குள்ளேயே இதற்கான விடையும் பெரும்பாலும் இருக்கும்.

வில்லியனூரான்

இவ்வளவு நேர்த்தியாகக் கேள்வி எழுதி, எச்.ஆர். ‘ஆம்’ என்று பதில் போட்டு, அதை நீங்கள் பத்திரப்படுத்தி வைத்து என்ன பயன் என்று கேட்கிறேன். சேரும் நாளில் ஒரு நியமனக் கடிதத்தை நீட்டுவார்கள். அதன் கடைசிப் பக்கத்தில் ‘இதற்கு முன் வாய்மொழியாகவோ எழுத்துமூலமாகவோ தெரிவிக்கப்பட்ட அனைத்தையும் இக்கடிதம் மாற்றீடு செய்கிறது’ என்று ஒரு வரி இருக்கும். அதில் கையெழுத்திட்டதும் உங்கள் மின்னஞ்சல் வெறும் நினைவுப் பொருள். என் நண்பர் ஒருவருக்கு இதுதான் நடந்தது: பணி வாய்ப்புக் கடிதத்தில் 30 நாள், நியமனக் கடிதத்தில் 60 நாள். வரவேற்புப் பையும் அடையாள அட்டையும் கொடுத்த உற்சாகத்தில் அவர் படிக்காமலேயே கையெழுத்திட்டார்.

முத்தியால்பேட்டையார்

வில்லியனூரான் தம்பி சொன்னது சரியான எச்சரிக்கை; இதை நானே முதலில் சொல்லியிருக்கலாம். அந்த வரி பெரும்பாலான நியமனக் கடிதங்களில் உண்டு. அதனால்தான் நியமனக் கடிதத்தின் வரைவைச் சேரும் நாளுக்கு ஒரு வாரம் முன்பே அனுப்ப முடியுமா என்பதைக் கேள்விகளுக்குள் ஒன்றாக வைக்க வேண்டும். 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ள தொழிலாளர் சட்டத் தொகுப்புகளின்படி நியமனக் கடிதம் தருவது கட்டாயம். ஆனால் முன்கூட்டியே படிக்கத் தர வேண்டும் என்று அதை வைத்து வற்புறுத்த முடியாது. கேட்டுத்தான் பார்க்க வேண்டும்.

மின்னஞ்சலால் பயனே இல்லை என்பதை மட்டும் நான் ஏற்க மாட்டேன். நியமனக் கடிதத்தில் ஒரு நிபந்தனை தெளிவின்றி இருக்கும்போது, அதை நிறுவனமே எப்படி விளக்கியது என்பதைக் காட்ட அது உதவும். மேலும் சேரும் நாளில் கடிதம் வேறு மாதிரியாக இருந்தால், ‘ஜூன் மாதம் நீங்கள் இவ்வாறு எழுதினீர்களே’ என்று அங்கேயே சுட்டிக்காட்டித் திருத்தம் கேட்கலாம். வாய்மொழிப் பேச்சை வைத்துக்கொண்டு அதைச் செய்ய முடியாது. கேள்விகளை ஆள்சேர்ப்பு முகவருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பாமல், கடிதத்தில் கையெழுத்திட்ட எச்.ஆர். அலுவலரின் நிறுவன மின்னஞ்சலுக்கே அனுப்பச் சொல்வதும் இதற்காகத்தான்.

வில்லியனூரான்

சேரும் நாளில் பழைய வேலையும் கையில் இருக்காது, பெங்களூருவில் விடுதி அறை எடுத்துத் தங்கியிருப்பார். அந்த நிலையில் எத்தனை பேர் திருத்தம் கேட்பார்கள்? இருந்தாலும் வரைவைக் கேட்பது நல்ல யோசனை, மறுக்க மாட்டேன்.

கோட்டக்குப்பம் கே

மடிக்கணினி பற்றி நான் சொல்லலாம். எங்கள் வீடு புதுச்சேரியிலிருந்து நடந்து வரும் தொலைவு. ஆனால் கோட்டக்குப்பம் விழுப்புரம் மாவட்டம், தமிழ்நாடு. ஊரில் யார் கேட்டாலும் ‘பாண்டி’ என்றுதான் சொல்வோம், நிறுவனத்தின் படிவத்திலும் ஊர் என்ற இடத்தில் புதுச்சேரி என்றே இருந்தது. அஞ்சல் குறியீடு ஒன்று சொல்ல, மாநிலம் வேறொன்று சொல்ல, மடிக்கணினியோடு வந்த விநியோகச் சீட்டைச் சரிசெய்து அனுப்பும்படி கூரியர் நிறுவனம் திருப்பி எழுதிவிட்டது. 50,000 ரூபாய்க்கு மேற்பட்ட பொருள் மாநில எல்லையைத் தாண்டும்போது மின்வழிச் சீட்டும் தேவைப்படுவதால், அதிலும் மாநிலம் சரியாக இருக்க வேண்டுமாம். மடிக்கணினி வந்து சேர்வதற்குள் முதல் வாரப் பயிற்சி முடிந்துவிட்டது.

அதே முகவரிதான் பின்புலச் சரிபார்ப்பிலும் வம்பு செய்தது. சரிபார்ப்பு நிறுவனம் கைப்பேசிக்கு ஓர் இணைப்பை அனுப்பி, வீட்டு வாசலில் நின்று இருப்பிடத்தோடு படம் எடுக்கச் சொன்னது. கொடுத்த மாநிலமும் காட்டிய இடமும் பொருந்தவில்லை என்று கேள்விக்குறி போட்டுவிட்டார்கள். ஆதார் நகலை அனுப்பித் தெளிவுபடுத்த வேண்டியிருந்தது.

எனவே மடிக்கணினி எங்கே வரும் என்பதோடு, எந்த முகவரியைப் பயன்படுத்தப் போகிறார்கள் என்பதையும் கேளுங்கள். ஆதார் முகவரியும் இப்போது வசிக்கும் முகவரியும் வேறானால் இரண்டையும் தனித்தனியே குறிப்பிட்டு எழுதுங்கள்.

கெடிலக்கரை

என் ஆதாரில் கடலூர் முகவரிதான் இருக்கிறது, அதில் சிக்கல் இல்லை. ஆனால் மடிக்கணினி பெங்களூருவிலேயே முதல் நாள் கையில் தரப்படுமா, இல்லை வீட்டுக்கு வருமா என்பது தெரியவில்லை. வீட்டுக்கு வந்து, நான் பெங்களூருவில் இருந்தால் அம்மாதான் வாங்கி வைக்க வேண்டியிருக்கும்.

கோட்டக்குப்பம் கே

அப்படியானால் பெறுபவராக வேறொருவர் கையெழுத்திடலாமா என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். சில கூரியர் நிறுவனங்கள் ஓ.டி.பி. இல்லாமல் தருவதில்லை. பெட்டியைத் திறக்கும்போது காணொளி எடுத்துக்கொள்ளுங்கள். பொருள் ஒப்புகைப் படிவத்தில் கையெழுத்திடுவதற்கு முன், மடிக்கணினியின் அடிப்பக்கத்தில் உள்ள வரிசை எண்ணும் படிவத்தில் உள்ள எண்ணும் ஒன்றுதானா என்று பாருங்கள். திருப்பித் தரும் நாளில் எண் மாறியிருந்தால் விளக்கம் சொல்ல வேண்டியவர் நீங்கள்தான்.

திருப்பாதிரிப்புலியூர் ஊதியக்கணக்கு

நான் ஒரு நிறுவனத்தில் ஊதியப் பட்டியல் தயாரிப்பவள். ஆவணங்களைப் பற்றிப் பேசும்போது எல்லோரும் எத்தனை நகல், எத்தனை புகைப்படம் என்றே கேட்கிறார்கள். என் மேசைக்கு வரும் சிக்கல்களில் மிகுதியானவை பெயரால் வருபவை. நம் ஊர் வழக்கப்படி மதிப்பெண் பட்டியலில் ஆர். கயல்விழி என்றிருக்கும். ஆதாரில் கயல்விழி ராமலிங்கம் என்றிருக்கும். பான் அட்டைக்கு விண்ணப்பிக்கும்போது தலைப்பெழுத்தை விரித்து எழுத வேண்டும் என்பதால், அதில் ராமலிங்கம் கயல்விழி என்று தலைகீழாக வந்திருக்கும். மூன்றும் ஒரே பெண் என்பது நமக்குத் தெரியும், கணினிக்குத் தெரியாது.

வருங்கால வைப்பு நிதிக் கணக்கு ஆதாரில் உள்ள பெயரோடு பொருந்த வேண்டும். வருமான வரிப் பிடித்தம் பான் எண்ணோடு போகும். ஆகவே ‘என் பெயர் இந்த ஆவணங்களில் இவ்வாறு உள்ளது, பணியாளர் பதிவேட்டில் எந்த வடிவத்தைப் பயன்படுத்துவீர்கள், வேறுபாட்டுக்காக உறுதிமொழி ஆவணம் ஏதேனும் தேவையா’ என்று இப்போதே கேட்டுவிடுங்கள். ஆதாரைத் திருத்துவதாக இருந்தால் சேர்வதற்கு முன்பே திருத்திக்கொள்வது நல்லது. சேர்ந்த பிறகு திருத்தினால் வைப்பு நிதிக் கணக்கிலும் திருத்தம் கோர வேண்டியிருக்கும்.

புதுச்சேரி வேலையில் உங்களுக்கு ஏற்கனவே யு.ஏ.என். இருக்கும். அந்த எண்ணைத் தெளிவாக எழுதி, புதிதாக ஒன்று உருவாக்க வேண்டாம் என்று குறிப்பிடுங்கள். முந்தைய நிறுவனம் உங்கள் விலகல் தேதியை ஜூன் 26 என்றே பதிவு செய்கிறதா என்பதையும் கவனியுங்கள். அவர்கள் மாத இறுதியைப் போட்டால் ஜூன் 30 ஆகும், அதனால் பாதகமில்லை. ஜூலையில் ஏதாவது ஒரு தேதி விழுந்துவிட்டால், ஒரே காலத்தில் இரண்டு இடத்தில் வேலை செய்ததாகத் தோன்றும். சரிபார்ப்பு நிறுவனங்கள் அந்தப் பதிவையும் பார்க்கின்றன.

விடுவிப்புக் கடிதத்தைப் பற்றியும் கேட்க வேண்டும். ஜூன் 26க்கும் ஜூலை 1க்கும் இடையில் அது கைக்கு வருவது அரிது. கணக்குத் தீர்த்த பிறகுதான் தருவோம் என்பார்கள். பதவி விலகலை ஏற்று அனுப்பிய மின்னஞ்சலைக் காட்டிச் சேர முடியுமா, விடுவிப்புக் கடிதத்தை எத்தனை நாளுக்குள் சமர்ப்பிக்க வேண்டும் என்ற இரண்டையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். கல்விச் சான்றிதழ்களின் அசலைப் பார்த்துவிட்டு அன்றே திருப்பித் தருவார்களா என்பதையும் ஒரு வரியில் கேட்கலாம். தாங்களே வைத்துக்கொள்வோம் என்று சொன்னால் அது சரியான நடைமுறை அல்ல.

மஞ்சக்குப்பத்து மழை

மேலே உள்ள தேதிகளைப் பார்த்ததும் எனக்கு ஒன்று தோன்றியது. ஜூலையில் தொடங்கும் ஆறு மாதத்தின் கடைசிப் பகுதி அக்டோபர், நவம்பர், டிசம்பர். அதாவது மதிப்பீடு நடக்கும் காலமும் நமக்கு வடகிழக்குப் பருவமழைக் காலமும் ஒன்றேதான். 2011 டிசம்பர் இறுதியில் தானே புயல் கடலூரில் கரையைக் கடந்தபோது மின்சாரத்துக்காகப் பல பகுதிகள் வெகுநாள் காத்திருந்தன. 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோதும் வெள்ளமும் மின்தடையும் என்ன பாடு படுத்தின என்பதை இங்கே யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. பெங்களூருவில் அமர்ந்திருக்கும் மேலாளருக்கு அது ஒரு செய்தி. நமக்கு இணைப்பே இல்லாத நாட்கள்.

ஆகவே இயற்கைப் பேரிடரால் உள்நுழைய முடியாத நாட்கள் விடுப்பாகக் கழிக்கப்படுமா, ஊதியமில்லா விடுப்பாகுமா என்று கேட்க வேண்டும். அதைவிட முக்கியம், தகுதிகாண் பருவத்தில் ஊதியமில்லா விடுப்பு எடுத்தால் அத்தனை நாட்கள் பருவம் நீளுமா என்பது. பல நிறுவனங்களின் கொள்கையில் அப்படி ஒரு வரி உண்டு. முதல் ஆறு மாதத்தில் விடுப்பே மிகக் குறைவாக இருக்கும் என்பதால் நான்கு நாள் மின்தடை வந்தாலே அது ஊதியமில்லா விடுப்பில் போய் நிற்கும்.

முத்தியால்பேட்டையார்

இது அருமையான கேள்வி. நான் பணியில் இருந்தவரை எவரும் சேர்வதற்கு முன் கேட்டதில்லை. விடை கிடைக்காவிட்டாலும், மழைக்காலத்தில் இப்படி நேரலாம் என்பது அவர்களுக்கு முன்பே தெரிந்திருக்கும்.

மருத்துவக் காப்பீட்டையும் ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள். பழைய நிறுவனத்தின் குழுக் காப்பீடு பெரும்பாலும் கடைசி வேலை நாளோடு முடிந்துவிடும். புதியது சேர்ந்த நாளிலிருந்தா, பணி உறுதியான பிறகா, பெற்றோரைச் சேர்க்கக் கடைசித் தேதி எது என்பதைத் தெரிந்துகொள்ளாமல் இருக்கக் கூடாது.

கெடிலக்கரை

அனைவருக்கும் நன்றி. உங்கள் யோசனைகளை வைத்து மின்னஞ்சல் அனுப்பினேன். இன்று விடை வந்தது. கேள்விகளைத் தகுதிகாண் பருவம், மடிக்கணினி, ஆவணம் என்று மூன்று சிறு பத்திகளாக்கி, முடிந்த இடங்களில் என் புரிதலை எழுதி உறுதிப்படுத்தச் சொல்லியிருந்தேன். எவரும் கோபப்படவில்லை.

மடிக்கணினி பெங்களூரு அலுவலகத்திலேயே முதல் நாள் தரப்படும். விடுவிப்புக் கடிதத்தை 30 நாளுக்குள் தரலாம், அதுவரை விலகலை ஏற்ற மின்னஞ்சல் போதும். காப்பீடு சேரும் நாளிலிருந்தே உண்டு. பெற்றோரைச் சேர்க்க 30 நாள் அவகாசம். பெயர், ஆதாரில் உள்ளபடி பதிவாகும். தகுதிகாண் மதிப்பீடு ஐந்தாம் மாதத்தில் மேலாளரால் நடத்தப்படும். நீட்டிப்பு ஒரு முறைதான், மூன்று மாதத்துக்கு மேல் போகாது. ஊதியமில்லா விடுப்பு ஐந்து நாளைத் தாண்டினால் பருவம் அந்த அளவுக்கு நீளும். பேரிடர் நாட்களை மேலாளர் முடிவு செய்வார்.

இடைக்கால முன்னறிவிப்புக்கு மட்டும் ‘நியமனக் கடிதத்தில் உள்ளபடி’ என்று எழுதியிருக்கிறார்கள். நியமனக் கடிதத்தின் வரைவை முன்கூட்டியே பகிரும் வழக்கம் இல்லையாம். இதை மீண்டும் வற்புறுத்தலாமா?

நெல்லிக்குப்பத்தான்

பார்த்தீர்களா, நீட்டிப்பு அதிகபட்சம் மூன்று மாதம் என்று அவர்களே எழுதிவிட்டார்கள். உச்ச வரம்பு வந்துவிட்டது. ஒன்பதாவது மாதம் முடிந்ததும் முத்தியால்பேட்டையார் சொன்ன தீர்ப்பே உங்களுக்குப் பொருந்தும்.

முத்தியால்பேட்டையார்

ஐயா விடமாட்டார் போலிருக்கிறது. ஆனால் இந்த முறை அவர் சொல்வதில் வலு கூடியிருக்கிறது. ஒரு மின்னஞ்சலில் சொன்ன வரம்பு, அரசுப் பணி விதியில் உள்ள வரம்புக்கு ஈடாகுமா என்பது வாதத்துக்குரியது. நான் உறுதி சொல்ல மாட்டேன். அந்த வரம்பு நியமனக் கடிதத்திலும் இருந்தால் நிலைமை வேறு.

சகோதரி, இடைக்கால முன்னறிவிப்பை மீண்டும் மின்னஞ்சலில் வற்புறுத்த வேண்டாம். ஜூலை 1 அன்று நியமனக் கடிதத்தைக் கையில் வாங்கியதும் முதலில் மூன்று இடங்களைப் பாருங்கள்: தகுதிகாண் பத்தி, முன்னறிவிப்புப் பத்தி, முந்தைய தகவல்களை மாற்றீடு செய்யும் பத்தி. நீட்டிப்பின் வரம்பு அதில் இல்லையென்றால், இன்று வந்த மின்னஞ்சலைக் காட்டி அந்த ஒரு வரியைச் சேர்க்கச் சொல்லுங்கள். படித்துப் பார்க்க மாலை வரை நேரம் கேட்பதில் தவறில்லை. இப்போது பல நிறுவனங்கள் மின்கையொப்ப இணைப்பாக அனுப்புவதால், அதே நிமிடத்தில் கையெழுத்திட வேண்டிய கட்டாயமும் பெரும்பாலும் இருப்பதில்லை.

வில்லியனூரான்

சேர்க்க மறுத்தால்?

முத்தியால்பேட்டையார்

மறுத்தால் கையெழுத்திடுவதா வேண்டாமா என்பது அவருடைய முடிவு. என்னைக் கேட்டால், இந்த ஒரு வரிக்காக நான் வேலையை விட மாட்டேன். ஆனால் டிசம்பர் முதல் வாரத்திலேயே மதிப்பீடு முடிந்ததா என்று மேலாளருக்கு எழுதிக் கேட்பேன்.

திருப்பாதிரிப்புலியூர் ஊதியக்கணக்கு

மற்றொரு சிறு விஷயம். இந்த நிதியாண்டில் ஏப்ரல் முதல் ஜூன் வரை புதுச்சேரியில் பெற்ற ஊதியத்தையும் பிடித்த வரியையும் புதிய நிறுவனத்துக்குத் தெரிவிக்க என்ன படிவம், எந்தத் தேதிக்குள் என்று கேட்டீர்களா? அதைக் கொடுக்காவிட்டால் இருவரும் தனித்தனியே வரி விலக்கு வரம்பைக் கணக்கிட்டுக் குறைவாகப் பிடிப்பார்கள். பற்றாக்குறையை நீங்கள் கணக்குத் தாக்கல் செய்யும்போது வட்டியோடு கட்ட நேரும்.

கெடிலக்கரை

இல்லை, கேட்கவில்லை. நாளை அனுப்பும் நன்றி மின்னஞ்சலில் இதைச் சேர்த்துவிடுகிறேன். ஜூன் மாத ஊதியச் சீட்டு ஜூன் 26க்குள் கிடைக்காது என்பதால், மே வரையிலான சீட்டுகளை முதலில் கொடுத்துவிட்டு மீதியைப் பிறகு தரலாமா என்றும் கேட்கிறேன்.